பீடி சுற்றும் விரலில் ஒரு கறுப்புக் கோடு

வாசகர் கடிதம்

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 47. குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். இருபத்தைந்து வருஷமாகப் பீடி சுற்றுகிறேன். போன பொங்கலுக்கு முன்னால் வலது கட்டைவிரல் நகத்தில் பென்சிலால் கீறியது போல ஒரு கறுப்புக் கோடு வந்தது. புகையிலைக் கறை என்று விட்டுவிட்டேன். இப்போது அது தீக்குச்சி அகலத்துக்கு வந்துவிட்டது. அடியில் அகலமாகவும் நுனியில் ஒல்லியாகவும் இருக்கிறது. வலி கிடையாது. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் இப்படித்தான் என்கிறார் மாமியார். என் கணவர் தறி நெய்பவர். அவருக்குக் கால் பெருவிரல் நகம் இரண்டும் மஞ்சளாகத் தடித்து உதிர்கிறது. மெடிக்கலில் நகச்சொத்தை என்று மாத்திரை கொடுத்தார்கள். அதையே என்னையும் போடச் சொல்கிறார். அவருக்குப் பீடிப் பழக்கமும் விடாத இருமலும் உண்டு. காலேஜ் படிக்கும் மகளுக்குக் கை நகங்களில் ஊசியால் குத்தியது போலக் குழிகள். பக்கத்து வீட்டுப் பெண் போனில் பார்த்துவிட்டு, இது புற்றுநோய், விரலையே எடுத்துவிடுவார்கள் என்று சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மாத்திரை போடலாமா? நான் என்ன செய்வது?

– பெயர் வேண்டாம், குடியாத்தம் வட்டம்

மருத்துவரின் பதில்

மாத்திரையைப் போடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம், இரண்டு வாரத்துக்குள் ஒரு தோல் மருத்துவரிடம் அந்த நகத்தைக் காட்டிவிடுங்கள். இன்று ராத்திரியே பஸ் ஏற வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் அடுத்த பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போடும் விஷயமும் இல்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை நிதானமாக எழுதுகிறேன். காரணம் புரிந்தால் பாதி பயம் போய்விடும். மிச்சம் இருக்கும் பாதி உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தேவைப்படும்.

நகத்தில் கறுப்புக் கோடு என்றாலே புற்றுநோய் இல்லை. என் இடது கையிலேயே மூன்று விரல் நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் உண்டு; இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் போன்ற மாநிறத் தோல்காரர்களுக்கு இது சகஜம். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் நகம் முளைக்கும் இடத்திலும் இருக்கின்றன. பெரும்பாலும் அவை தூங்கிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு காரணத்தால் ஒரு இடத்தில் விழித்துக்கொண்டால், அங்கிருந்து வளரும் நகத்தில் நிறம் கலந்து, அடியிலிருந்து நுனி வரை கோடாக வெளியே வரும். ரங்கோலி மாவுக் குழலில் ஒரு ஓட்டை அடியில் மட்டும் வண்ணம் போட்டால் அந்த ஒரு கோடு மட்டும் வண்ணமாக விழும் அல்லவா, அப்படித்தான்.

பல விரல்களில் கோடு இருந்து, வருஷக்கணக்கில் அப்படியே இருந்தால் நாங்கள் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. கர்ப்பகாலத்தில் வரலாம். பி12 சத்து குறைந்தால் வரலாம். அப்போது விரல் முட்டிகளின் தோலும் சேர்ந்து கறுத்துப்போகும். சில மாத்திரைகளாலும் கீமோதெரபி மருந்துகளாலும் வரலாம். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறு. ஒரே ஒரு விரல், அதுவும் கட்டைவிரல். நடு வயதில் புதிதாக வந்தது. ஒரு வருஷத்தில் அகலமானது. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தத் தோல் மருத்துவரும் நெருங்கிப் பார்ப்பார். நகத்தடியில் வரும் மெலனோமா என்ற அரிய புற்றுநோய் அதிகம் பிடிப்பது கை கட்டைவிரலையும் கால் பெருவிரலையும்தான்.

சுண்ணாம்புச் சத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நகத்தில் வரும் சின்ன வெள்ளைப் புள்ளிகளுக்குக்கூட அது காரணம் இல்லை. எங்கோ இடித்துக்கொண்டதால் வருபவை அவை. மாமியாரிடம் இதைச் சண்டையாக்க வேண்டாம். பால் குடிப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை.

கறையா, கோடா?

புகையிலைக் கறை என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க இலையும் தூளுமாக உட்காருகிறவருக்கு முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் வெளியிலிருந்து ஏறிய கறையும் உள்ளிருந்து வரும் நிறமும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும்.

கறை நகத்தின் மேல்புறத்தில் உட்காரும். நகம் தேய்க்கும் அரத்தால் லேசாக நாலு தடவை தேய்த்தால் வெளுக்கும். அதோடு, நகம் வளர வளரக் கறையும் நுனிப் பக்கம் நகரும். அதன் பின்னால் சுத்தமான நகம் வரும். அந்தச் சுத்தமான நகத்துக்கும் கறைக்கும் நடுவில் உள்ள எல்லை, நகத்தடித் தோலின் வளைவைப் போலவே வளைந்திருக்கும். மருதாணி வைத்து ஒரு மாதம் கழித்து நகத்தைப் பார்த்தால் இது தெரியும். நேர்க்கோடாக அடியிலிருந்து நுனி வரை ஓடுவது கறையின் குணம் இல்லை.

அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தாலும் இதே கதைதான். கதவிடுக்கில் நசுங்கிய விரலில் கறுப்பு வரும். ஆனால் அது நகத்தோடு நகர்ந்து வெளியே போய்விடும். நகராமல் அடியிலேயே புதிது புதிதாக வந்துகொண்டிருந்தால் அது ரத்தக்கட்டு இல்லை.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்கள் தொழிலைச் சேர்ந்தது. பீடியின் வாயை நகத்தால் மடக்கி அமுக்கும்போது கட்டைவிரல் நகத்தின் மேல் விழும் அழுத்தம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. ஓயாத உரசலும் அழுத்தமும் அந்த நிறச் செல்களை எழுப்பிவிடும். அதனால் உங்கள் கோடு வெறும் தொழில் தழும்பாகவே இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. ஆனால் தொழிலைக் காரணம் காட்டி விட்டுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. அதற்கு ஒருவர் கதையைச் சொல்கிறேன்.

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை செய்தவர், 53 வயது. வலது கட்டைவிரலில் கோடு. தோல் பதனிடும் இடத்தில் யாருக்கு நகம் வெள்ளையாக இருக்கிறது, சாயம்தான் என்று அவரும் விட்டுவிட்டார். பிறகு நகம் லேசாகப் பிளந்ததும் நகச்சொத்தை என்று ஒருவர் சொல்ல, இரண்டு வருஷம் விட்டுவிட்டு மாத்திரை போட்டிருக்கிறார். யாரும் ஒரு தடவைகூட நகத்தைச் சுரண்டிப் பரிசோதிக்கவில்லை. என்னிடம் வந்தபோது கோடு நகத்தில் பாதியை விழுங்கியிருந்தது. நகத்தடித் தோலிலும் மை தொட்டு வைத்தது போலக் கறுப்பு இறங்கியிருந்தது. மற்ற ஒன்பது நகமும் பளிச்சென்று இருந்தன. அதைக் காட்டித்தான் கேட்டேன்: "சாயம்னா இந்த ஒரு விரலை மட்டும் எப்படிப்பா கண்டுபிடிச்சுப் போச்சு?" அவர் பதில் சொல்லவில்லை, கூட வந்த மனைவிதான் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நகம் எழுதி வைத்திருக்கும் கணக்கு

அடியில் அகலம், நுனியில் ஒல்லி என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அது. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். உங்கள் கட்டைவிரல் நகம் அடியிலிருந்து நுனி வரை 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் இப்போது நுனியில் இருக்கும் நகம் முளைத்து நாலு மாதம் ஆகிறது. அடியில் தோலை ஒட்டி இருப்பது இந்த வாரம் முளைத்தது. நுனியில் கோடு ஒன்றரை மில்லிமீட்டரும் அடியில் இரண்டரை மில்லிமீட்டரும் இருந்தால், அந்த நிறச் செல்களின் கூட்டம் நாலு மாதத்தில் ஒரு மில்லிமீட்டர் பரந்திருக்கிறது என்று பொருள். யாரும் போட்டோ எடுத்து வைக்காவிட்டாலும் நகமே குறித்து வைத்திருக்கிறது.

ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, பகல் வெளிச்சத்தில் மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள்: அடி, நடு, நுனி. ஸ்கேலையும் விரலோடு சேர்த்து வைத்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள் மகளிடம். தீக்குச்சி அகலம் என்றால் சுமார் 2 மில்லிமீட்டர். நாங்கள் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் கூடுதல் எச்சரிக்கை ஆவோம். இரண்டுதானே, மூன்று ஆகவில்லையே என்று ஆறுதல் அடைய வேண்டாம். அகலத்தைவிட அது மாறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

அப்புறம் நகத்தடித் தோலைப் பாருங்கள். கோடு நகத்தோடு நிற்கிறதா, அல்லது தோலின் மேலும் கறுப்பு படர்ந்திருக்கிறதா? இதில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. நம் நிறத்தில் நகத்தைச் சுற்றிய தோல் இயல்பாகவே கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும். மெல்லிய தோல் வழியாக அடியில் இருக்கும் நகக் கோடு தெரிவதும் உண்டு. தோலே கறுத்தது போல அது ஏமாற்றும். ஆகவே இடது கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. வலதில் மட்டும் கோட்டுக்கு நேராகத் தோலில் தனிக் கறுப்பு இருந்தால், இரண்டு வாரம் என்று நான் சொன்னதை இரண்டு நாள் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

நகச்சொத்தையும் சில சமயம் கறுப்புக் கோட்டைக் கொண்டுவரும். ஆனால் அதன் வடிவம் தலைகீழ். பூஞ்சை பெரும்பாலும் நகத்தின் நுனி வழியாக உள்ளே நுழைகிறது. அதனால் அந்தக் கறுப்பு நுனியில் அகலமாகவும் அடிப்பக்கம் போகப்போக ஒல்லியாகவும் இருக்கும். நகம் தடித்திருக்கும், அடியில் மாவு மாதிரி உதிரும். உங்களுக்கு இரண்டும் இல்லை. கணவருக்கு வாங்கிய மாத்திரையை உங்களைப் போட வேண்டாம் என்றது இதனால்தான். உங்களுக்கு அது பயன்படாது என்பது மட்டும் இல்லை. மாத்திரை போடுகிறோமே என்ற நிம்மதியில் மாதங்கள் ஓடிவிடும். ராணிப்பேட்டைக்காரருக்கு ஓடியது போல.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்

மருத்துவர் முதலில் இருபது நகத்தையும் பார்ப்பார். டெர்மாஸ்கோப் என்ற சின்ன லென்ஸ் கருவியை நகத்தின் மேல் வைத்துப் பார்ப்பார், வலிக்காது. கோட்டுக்குள் இருக்கும் நுண்ணிய இழைகள் எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே இடைவெளியில், நூல் பாவு விரித்தது போல ஒழுங்காக இருக்கின்றனவா, அல்லது ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு, ஒன்று தடி, ஒன்று ஒல்லி, பாதியில் அறுந்தது என்று தாறுமாறாக இருக்கின்றனவா என்று அதில் தெரியும். தறி வீட்டுப் பெண் உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் வயது, விரல், மாற்றம் எல்லாவற்றையும் பார்த்து அவர் பயாப்சி எடுக்கலாம் என்று சொல்ல வாய்ப்பு அதிகம். அதைக் கேட்டுப் பயந்து எழுந்து வந்துவிடாதீர்கள். விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த ஊசிதான் வலிக்கும். அதன் பிறகு ஒன்றும் தெரியாது. நகத்தடித் தோலைப் பின்னுக்குத் தள்ளி, நகத்தைக் கொஞ்சம் தூக்கி, கோடு பிறக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து, அங்கிருந்து மெல்லிய சதைத் துண்டு ஒன்றை எடுத்துவிட்டு நகத்தை மறுபடி மூடித் தைத்துவிடுவார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் ராத்திரி விண்விண்ணென்று தெறிக்கும். கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுங்கள்.

இதில் ஒன்றைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சதைத் துண்டு எடுக்க வேண்டியது நகம் முளைக்கும் வேரிலிருந்து. நகத்தின் நுனியை வெட்டி அனுப்பினால் அதில் பூஞ்சை இருக்கிறதா, ரத்தக்கட்டா என்று தெரியும். புற்றுநோய் இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. "டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலர் காட்டுவது நகத் துண்டு ரிப்போர்ட். எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்று யாராவது சொல்வார்கள், நம் ஊரில் சொல்லாதவர் இல்லை. அது சரியில்லை. பயாப்சியின் உண்மையான குறை வேறு: வேரில் கை வைப்பதால் பின்னால் வளரும் நகம் கொஞ்சம் மெலிந்தோ, நடுவில் லேசாகப் பிளந்தோ வரலாம். மருத்துவர் அதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். காயம் ஆறும் வரை பீடி சுற்ற முடியாது. இரண்டு மூன்று வாரக் கூலி போகும் என்று கணக்கு வைத்துக்கொண்டு தேதியைக் குறியுங்கள். சர்க்கரை இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால், ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சில மருத்துவர்கள், கோடு ஒழுங்காகத்தான் இருக்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்கலாம் என்றும் சொல்லக்கூடும். டெர்மாஸ்கோப்பில் பார்த்து, போட்டோ எடுத்து, அளவு எழுதி வைத்து அப்படிச் சொன்னால் ஏற்கலாம். ஒரு நிமிஷம் விரலைப் புரட்டிவிட்டு "ஒண்ணும் இல்லை" என்றால் ஏற்க வேண்டாம், இன்னொருவரிடம் போங்கள்.

விரலை எடுத்துவிடுவார்களா?

உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதில் பாதி சரி, பாதி பழைய கதை. பயாப்சியில் பெரும்பாலும் வருவது நிறச் செல்கள் விழித்திருக்கின்றன, அல்லது ஒரு மச்சம் என்பதுதான். அப்போது கோடு இருந்துவிட்டுப் போகட்டும். மெலனோமா என்று வந்தாலும், அது மேல் அடுக்கைத் தாண்டாத நிலையில் இருந்தால் விரலை எடுப்பதில்லை. நகத்தையும், அதன் வேரையும், படுக்கையையும் முழுசாக எடுத்துவிட்டு வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். விரல் இருக்கும், நகம் இருக்காது. கீழே ஆழமாக இறங்கியிருந்தால்தான் விரலின் நுனிக் கணுவை எடுப்பது பற்றிய பேச்சு வரும். நெறிகட்டிகளையும் பார்க்க வேண்டிவரும். முன்னதற்கும் பின்னதற்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் கழிந்துபோன மாதங்கள்தான்.

ராணிப்பேட்டைக்காரருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. பாதி நகம் கறுத்தும் அது மேல் அடுக்கிலேயே நின்றிருந்தது. நகத்தை எடுத்துத் தொடைத் தோலை ஒட்டினோம். இப்போது கட்டைவிரலில் நகம் இருந்த இடத்தில் வழவழவென்று ஒரு திட்டு இருக்கிறது. சட்டைப் பொத்தான் போடச் சிரமம், தேங்காய் நார் உரிக்க முடியாது, வேலைக்குப் போகிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுகிறார்.

வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. சி.எம்.சி.யிலும் இருக்கிறது. போகும்போது ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, பீடித் தொழிலாளர் அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவை தேவைப்படாமல் போகலாம். பெரிய சிகிச்சை என்று வந்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

உங்கள் கணவருக்கு

அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு காரணத்துக்காக.

முதலாவது அந்தக் கால் நகம். மஞ்சளாகத் தடித்து உதிர்வதெல்லாம் பூஞ்சை என்று நினைக்கிறோம். பரிசோதித்தால் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் பூஞ்சை இருக்கும். குழித்தறியில் உட்கார்ந்து வருஷக்கணக்காக மிதியை அமுக்குகிறவருக்கு வெறும் அழுத்தத்தாலேயே பெருவிரல் நகம் தடிக்கும். அதற்குப் பூஞ்சை மாத்திரை எத்தனை போட்டாலும் தடிப்பு போகாது. நகத்தடியில் இருக்கும் மாவைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சாதாரணச் சோதனைதான், அநேகமாக அன்றைக்கே தெரிந்துவிடும். நுனியில் சுரண்டினால் செத்த பூஞ்சைதான் கிடைக்கும். எவ்வளவு உள்ளே போக முடியுமோ அவ்வளவு உள்ளேயிருந்து எடுக்க வேண்டும். சோதனைக்கு முன்னால் மாத்திரை, களிம்பு எதுவும் போட்டிருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரும்.

பூஞ்சைதான் என்று உறுதியானால் வழக்கமான மருந்து டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று, கால் நகத்துக்கு 12 வாரம். மெடிக்கலில் வாரத்துக்கு ஒரு அட்டை வாங்கிப் போட்டு, வித்தியாசம் தெரியவில்லை என்று நிறுத்துவது பணத்துக்குப் பிடித்த கேடு. ஆரம்பிக்கும் முன் ஈரல் ரத்தப் பரிசோதனை வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 12 வாரம் முடிந்ததும் நகம் பளிச்சென்று ஆகிவிடாது, அங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கால் நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கெட்ட நகம் முழுக்க வெளியே போக ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும். மருந்து வேலை செய்கிறதா என்று அடியில் பாருங்கள்: தோலை ஒட்டிப் புது நகம் தெளிவாக வந்தால் வேலை செய்கிறது. அப்படியே சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவருக்குத் தடித்த நகத்தின் ஓரம் சதையில் குத்திப் புண்ணானால் அது லேசில் ஆறாது.

இரண்டாவது, இருமல். இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு கை மோதிர விரல்களின் நகமும் நகமும் ஒட்டும்படி, முதுகோடு முதுகாக வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நகத்தடிகளுக்கு நடுவில் சின்ன வைர வடிவ இடைவெளி தெரியும். உங்கள் விரலில் முதலில் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். ஷாம்ராத் என்ற தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் தன் விரலிலேயே கவனித்து 1976-ல் எழுதியது இது. அந்த இடைவெளி அடைபட்டு, விரல் நுனி மேளக் குச்சி போல உருண்டு, நகத்தடியை அமுக்கினால் பஞ்சு போல அமுங்கினால் அதைக் கிளப்பிங் என்போம். நுரையீரல் புற்றுநோய், நாள்பட்ட சீழ், நுரையீரல் தழும்பு, சில இதய நோய்கள், ஈரல் சுருக்கம் ஆகியவற்றில் இது வரும். பரம்பரையாகவும் சில குடும்பங்களில் இருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படியா என்று கேட்டுப் பாருங்கள்.

பீடி குடிப்பவருக்கு இருமலும் இளைப்பும் வருவது சாதாரணம். ஆனால் அந்தப் புகை இளைப்பு மட்டும் விரல் நுனியை உருட்டாது. அதனால் விரல் உருண்டிருந்தால் "பீடி இருமல்தானே" என்று விடக்கூடாது. விரல் சரியாக இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் காசநோய்ச் சளிப் பரிசோதனை இலவசம்.

மகளின் குழிகள்

இது அவசரம் இல்லை. புது அம்மியைக் கொத்தியது போலக் குழிகள் ஆழமாகவும் தாறுமாறாகவும் இருந்தால் சொரியாசிஸ் நினைப்பு வரும். தலையில் விடாத பொடுகு, முழங்கை முட்டியில் செதில், காலையில் எழுந்ததும் விரல் கணுக்களில் விறைப்பு, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். நகத்தில் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டும் பிடிக்க வாய்ப்பு கூடுதல். குழிகள் மெலிசாக, வரிசையாக இருந்தால் தலையில் எங்காவது காசு அளவுக்கு முடி கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் இல்லாமல் இரண்டு மூன்று குழி மட்டும் இருந்தால் விட்டுவிடலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். மருத்துவரைப் பார்க்கும் வரை அந்த வலது கட்டைவிரலில் மருதாணியோ நெயில் பாலிஷோ வைக்காதீர்கள். வீட்டில் விசேஷம் என்றால் மற்ற ஒன்பது விரலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மருதாணி நகத்தில் ஏறினால் முழுசாக வளர்ந்து போக நாலைந்து மாதம் ஆகும், அதுவரை கோட்டின் நிறமும் ஓரமும் எங்களுக்குத் தெரியாது.